என் பேரில் ஓடிய லைன்

மில்லில் கோதுமை ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த மெசேஜ் வந்தது. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், அவ்வளவுதான். என் பேர் இருந்தது. எண்பது என்று ஒரு எண் இருந்தது. கேபிள் ஆபீஸிலிருந்து வந்தது என்பது மட்டும் புரிந்தது. வழக்கமான பில்லாக இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பாலக்காட்டில் ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்கு அனுப்பிவிட்டேன். பெல்ட் போடும் சத்தத்தில் அவள் கூப்பிட்டதும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தேன்.

"அம்மா, நம்ம நெட் லைனை நிறுத்தியாச்சுன்னுதான சொன்னீங்க?"

"ஆமா. மூணு மாசமாச்சு. டிவி டப்பா, மோடம் எல்லாம் குடுத்தாச்சு."

"அப்பறம் யாரு யூஸ் பண்றாங்க? இந்த மாசக் கணக்குல எண்பது சதவீதம் தீந்துடுச்சுன்னு வந்திருக்குது."

மில்லை நிறுத்தினேன். மோடமே இல்லாத வீட்டில் எப்படி நெட் ஓடும்? எங்கேயோ யாரோ, என் பேரில், தினம் தினம் உபயோகித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாத ஒரு வீட்டில் என் பேர் உட்கார்ந்திருக்கிறது.

நிறுத்திய கதையைச் சொல்லிவிடுகிறேன். மகள் வீட்டிலிருந்து படித்த காலத்தில் எடுத்த லைன் அது. டிவியும் நெட்டும் சேர்ந்தது. அவள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு அதைப் பார்க்க ஆளில்லை. வீட்டுக்காரருக்கு இரண்டு எருமையும் ஒரு ரேடியோவும் போதும். நான் காலையில் மில்லுக்கு வந்தால் பொழுது சாயும்போதுதான் போவேன். எதற்குத் தண்டமாக மாசம் ஐந்நூற்றுத் தொண்ணூறு என்று நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

யாரிடம் சொன்னேன்? ஆபீஸிலா? அதுதான் இல்லை. லைன்மேனிடம். அவர் என் வீட்டுக்காரரின் பெரியம்மா மகளுடைய மகன். என்னை அத்தை என்றும் அவரை மாமா என்றும் கூப்பிடுகிறவர். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். மாசாமாசம் வசூலுக்கும் அவரேதான் வருவார். மில்லுக்கே வந்து டப்பாவையும் மோடத்தையும் வண்டியில் வைத்துக்கொண்டு, ஒரு மலையாள ஃபாரத்தை நீட்டினார்.

"இதுல ஒரு ஒப்பு போடுங்க அத்தை. நிறுத்தறதுக்கு."

மாவுக் கையோடு கையெழுத்துப் போட்டேன். கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என்னைப் போல் தமிழில் படித்தவர்கள் எல்லாரும் இப்படித்தான். ரேஷன் கடை, பஞ்சாயத்து, கரண்ட் ஆபீஸ், எங்கே போனாலும் காகிதம் மலையாளத்தில் வரும். தெரிந்தவர் யாராவது இன்னதுக்கு என்று சொல்வார், நாம் கையெழுத்துப் போடுவோம். வாசித்துப் பார்க்கிறேன் என்றால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். சொந்தக்காரரிடம் ரசீது கேட்டால் அதைவிட அசிங்கம். கேட்கவில்லை.

அடுத்த மாசம் பில் வந்தது. லைன்மேனைக் கேட்டால், "அது சிஸ்டம் அத்தை, தன்னால வரும், விடுங்க" என்றார். விட்டேன். பதினைந்து நாள் கழித்து, கட்டாவிட்டால் சட்டப்படி நடவடிக்கை என்று வந்தது. என் நெஞ்சுரம் அவ்வளவுதான், கட்டிவிட்டேன். அடுத்த மாசமும், அதற்கடுத்த மாசமும் கட்டினேன். வாங்காத பாலுக்குக் காசு கொடுக்கிறவளைப் போல. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்.

ஆனால் அந்த எண்பது சதவீதம் வந்த பிறகு காசு ஒரு பொருட்டாகவே இல்லை. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒருவர், பாத்திரக்கடை வைத்திருக்கிறவர், தன் சிம் கார்டை யாருக்கோ கொடுத்திருந்தார். அதிலிருந்து எவனோ யாரையோ ஏமாற்றிப் பணம் பிடுங்கிவிட்டான். ஸ்டேஷனிலிருந்து வந்து இவரைத்தான் கூட்டிப்போனார்கள். இரண்டு நாள் கழித்து விட்டார்கள், குற்றமில்லை என்றுதான் விட்டார்கள். ஆனால் ஜீப்பில் ஏறியதைப் பார்த்த கண்கள் விட்டனவா? அவர் மகளுக்கு வந்த வரன் அதோடு நின்றது.

என் மகள் சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதி லிஸ்டில் வந்திருந்தாள். எப்போது வேண்டுமானாலும் போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு ஆள் வரலாம் என்று காத்திருந்த நேரம். வீட்டில் கேஸ் ஏதாவது உண்டா என்று கேட்பார்கள். என் பேரில் ஓடும் நெட்டில் எவனாவது ஏதாவது செய்து, ஆதார் கொடுத்தவள் யார் என்று தேடினால், வந்து நிற்பது என் மில் வாசலில்தானே? ஐந்து வருஷம் அவள் படித்த படிப்பு.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றார் வீட்டுக்காரர்.

"ஏனுங்க, எப்பத்தான் ஆகும்? வந்து கையைப் புடிச்சு இழுத்தாத்தான் ஆச்சுன்னு அர்த்தமா?" என்று கத்தினேன். எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவர் வாளியோடு எழுந்து போய்விட்டார். கத்தியது அவர்மேல் கோபத்தால் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, அதை வேறு எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை.

லைன்மேனுக்கு ஏழெட்டுத் தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. எடுக்காததுதான் இன்னும் பயத்தைக் கிளப்பியது. ரோட்டில் ஒரு ஜீப் வேகம் குறைத்தால் என் கை மாவுத் தட்டில் நின்றுவிடும். மிளகாய் அரைக்க வந்தவர்கள் என்னம்மா கண் சிவந்திருக்கிறது என்றால் காரம் என்று சொல்லிவிடுவேன்.

மூன்றாம் நாள் காலை மில்லைப் பூட்டிவிட்டுக் கேபிள் ஆபீஸுக்குப் போனேன். டவுனில் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே, குறுகலான படி. ஓனர் எங்கள் பக்கத்து ஆள்தான், நல்ல மரியாதையான பேச்சு. கம்ப்யூட்டரில் என் நம்பரைப் போட்டார்.

"ஆக்டிவ்ல இருக்குதுங்களே. நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுத்த அபேக்ஷை எதுவும் வரலீங்க."

"ஒப்புப் போட்டுக் குடுத்தனுங்க. உங்க ஆள்தான் வாங்கிட்டுப் போனாரு."

ஃபைலைப் புரட்டினார். எடுத்துக் காட்டினார். என் கையெழுத்து, பக்கத்தில் மாவுக் கையோடு பட்ட பெருவிரல் கறைகூட இருந்தது. "ஒப்பு உங்களுதுதானுங்க. ஆனா இது நிறுத்தறதுக்கு இல்ல" என்றவர், ஏனோ மேற்கொண்டு சொல்லாமல் அதைக் கூர்ந்து பார்த்தார். நான் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் எடுத்துவிட்டேன். "இந்த மாசத்தைக் கட்டிட்டுப் புதுசா எழுதிக் குடுங்க, நிறுத்திரலாம்" என்றார். கை குறுகுறுத்தது. பர்ஸைத் திறந்தும்விட்டேன். அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கட்டக்கூடாது என்று தோன்றியது, மூடிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கம்ப்யூட்டர் வைத்து விண்ணப்பம் போட்டுத் தரும் மையம் ஒன்று உண்டு. அதை நடத்துகிற பெண் மலையாளி, எங்களோடு பேசிப் பேசித் தமிழும் கலந்து பேசுவாள். படத்தைக் காட்டினேன். அவள் வாசிக்க வாசிக்க முகம் மாறியது.

"சேச்சி, இது நிறுத்தறதுக்கு இல்ல. விலாசம் மாத்தறதுக்கு. உங்க லைனை இவிடேர்ந்து வேற எடத்துக்கு மாத்தித் தரணும்னு நீங்க கேட்டதா எழுதியிருக்கு."

"எங்கே?"

"விலாசம் சரியாத் தெரியல, படம் மங்கலு. கோபாலபுரம் ரோடுன்னு மட்டும் தெரியுது."

எல்லைச் செக்போஸ்ட்டுக்குப் போகிற ரோடு. அந்த ரோட்டில் எனக்கு ஒரு நாய்கூடத் தெரியாது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நானே கேட்டிருக்கிறேன், நானே ஒப்புப் போட்டிருக்கிறேன். நாளைக்கு யார் வந்து கேட்டாலும் இந்தக் காகிதத்தைத்தான் காட்டுவார்கள். அந்தப் பெண் தண்ணீர் கொடுத்தாள்.

அவள் கெட்டிக்காரி. பெரிய கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு அங்கிருந்தே போன் போட வைத்தாள். எங்கள் ஊர் ஆபீஸ்காரர் அந்தக் கம்பெனியிடம் சிக்னல் வாங்கித்தான் லைன் கொடுக்கிறார், புகார் அங்கே பதிந்தால்தான் இவர் அசைவார் என்றாள். புகார் நம்பர் வந்தது. அதைப் போட்டு ஒரு கடிதம் அடித்தாள், ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம். இன்ன தேதியில் நிறுத்தச் சொல்லி டப்பாவையும் மோடத்தையும் கொடுத்துவிட்டேன், மலையாளம் வாசிக்கத் தெரியாத என்னிடம் வேறு ஃபாரத்தில் ஒப்பு வாங்கப்பட்டது, அதன் பிறகு கட்டிய மூன்று மாசத்தையும் டெபாசிட்டையும் திருப்பித் தர வேண்டும், லைன் மூடியதற்கு எழுத்தில் உறுதி தர வேண்டும்.

"ரண்டு காப்பி. ஒண்ணுல சீலும் தேதியும் வாங்கிட்டு வாங்க. வாங்க மாட்டேன்னா ரெஜிஸ்டர் தபால். அதுக்கும் பதில் வரலன்னா கம்பெனியில புகாரைப் பாக்கற மேலதிகாரி, அப்பறம் பாலக்காட்டுல கன்ஸ்யூமர் கோர்ட். சண்ட போட வேண்டாம் சேச்சி. காகிதம் போதும்."

மதியமே திரும்பவும் படி ஏறினேன். ஓனர் கடிதத்தை இரண்டு பக்கமும் வாசித்தார். சீல் போடமாட்டேன் என்று சொல்லவில்லை, சீல் இங்கே இல்லை என்றார். "வர்ற வரைக்கும் உக்காந்திருக்கிறனுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். வெளியே பார்த்தால் தைரியசாலி. உள்ளே, இவர் விரட்டினால் என்ன செய்வது என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. முந்தானையை முடிச்சுப் போட்டுப் போட்டு அவிழ்த்தேன்.

அரை மணி நேரம் போனது. அவர் கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். மோடத்தின் சீரியல் நம்பரைப் போட்டார் போல. போட்டதும் அது கோபாலபுரம் ரோட்டில் ஓடுவது தெரிந்திருக்க வேண்டும். அவர் போட்ட போனை மட்டும் லைன்மேன் எடுத்தார். பேசிவிட்டு வைத்தார்.

"தேங்கா நார் மில் ஷெட்டுங்க. வடக்கத்தி ஆளுங்க தங்கியிருக்கிறாங்க. இவன்தான் மாத்தியிருக்கிறான். மாசம் எழுநூறு அவங்ககிட்ட ரொக்கமா வாங்கியிருக்கிறான். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

அவர்களிடம் எழுநூறு, என்னிடம் ஐந்நூற்றுத் தொண்ணூறு. ஒரே மோடத்துக்கு இரண்டு பக்கமும் வசூல். எனக்குச் சிரிப்புகூட வந்தது, பயத்தோடு வரும் சிரிப்பு. பிறகு எத்தனை பேர் என்று கேட்டேன். பதினான்கு பேர் என்றார். பதினான்கு போன். அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது.

"மூணு மாசத்தை இப்பவே தந்துடறனுங்க. டெபாசிட்டும். மேல ஆயிரம் வேணும்னாலும் தர்றேன். லெட்டர்ல மட்டும் இன்னைக்குத் தேதியில மூடினதாப் போட்டுக்கலாம்" என்றார்.

"வேண்டாமுங்க."

"நீங்க நிறுத்தச் சொன்ன தேதியப் போட்டா, அதுக்கப்பறம் ஓடினது எங்க தப்புன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரிங்க. கம்பெனி என் லைனையே புடுங்கிருவான்."

"இன்னைக்குத் தேதியப் போட்டா, அந்த மூணு மாசம் என் தலையில விழுமுங்க. எம்புள்ளைக்கு வெரிஃபிகேஷன் வருது."

அழக்கூடாது என்று வந்தவள்தான், அழுதுவிட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். கம்பெனியிலிருந்து அதற்குள் புகாரைப் பற்றி அவருக்கு மெசேஜ் வந்திருந்தது என்று நினைக்கிறேன், போனை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார். கடைசியில் அடித்துக் கொடுத்தார். நிறுத்தச் சொன்ன தேதி, கருவிகள் வாங்கிக்கொண்ட தேதி, அதன் பிறகு சந்தாதாரருக்குத் தெரியாமல் எங்கள் ஊழியர் வேறு இடத்தில் பொருத்தியது, கட்டிய தொகை திருப்பித் தந்தது, லைன் இன்று முற்றாக மூடப்பட்டது, பாக்கி எதுவும் இல்லை. சீல் மேசை டிராயரிலேயே இருந்தது.

காகிதத்தை வாங்கியும் எனக்கு மனசு அடங்கவில்லை. முற்றாக மூடப்பட்டது என்று எழுதினால் மூடினதாகிவிடுமா? ஏற்கெனவே ஒரு தடவை மூடியவள் நான். "மோடத்தைக் கழட்டறதை என் கண்ணால பாக்கோணும்" என்றேன். அவரே வண்டியில் கூட்டிப்போனார். வழியெல்லாம் தென்னை, அப்புறம் நார் காயப்போட்ட களங்கள். அந்த ஷெட் எப்படி இருக்கும், அவர்கள் என்ன சொல்வார்கள், அடிக்க வருவார்களா என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டே போனேன்.

தகரக் கூரை போட்ட நீளமான அறை. வாசலில் லைன்மேன் நின்றார், தலை நிமிரவில்லை.

"அத்தை, அவங்களுக்கு இங்க விலாச ஆதாரம் இல்ல. நார் மில்லுக்காரர் பேரைத் தரமாட்டேன்னுட்டாரு. உங்க பேரு நல்ல பேருங்க, ஒண்ணும் ஆகாதுன்னுதான்."

நல்ல பேர். அதனால்தான் திருடினாராம். வாயில் வந்ததை எல்லாம் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். "கழட்டு மாப்ள" என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே ஆறேழு பேர் இருந்தார்கள், மற்றவர்கள் ஷிஃப்டில். என்னையும் ஓனரையும் பார்த்ததும் எல்லாரும் எழுந்து சுவரோடு ஒதுங்கிவிட்டார்கள். நான் பயந்துகொண்டே நுழைந்தேன், அவர்கள் என்னைப் பார்த்துப் பயந்து நிற்கிறார்கள். அரிசி மூட்டையின் மேல் ஒரு போன் சாய்த்து வைத்திருந்தது. அதில் ஒரு பெண், எங்கோ அவள் ஊரில், முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். இங்கே பேசிக்கொண்டிருக்கவில்லை யாரும். சும்மா ஓடவிட்டு, அவள் வேலையை அவள் பார்க்க, இங்கே ஒருவர் தன் வேலையைப் பார்த்திருக்கிறார். போனுக்குச் சொந்தக்காரர் நாற்பது வயது ஆள். கொஞ்சம் தமிழ் பேசினார்.

"அக்கா, பத்து நிமிஷம். சொல்லிட்டு வெச்சுடறேன்."

பத்து நிமிஷம் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அப்போது எனக்கு ஒவ்வொரு நிமிஷமும் என் பேரில் ஓடுகிறது என்றுதான் இருந்தது. "இப்பவே" என்றேன். லைன்மேன் ஒயரைப் பிடுங்கினார். அந்தப் பெண் முறத்தைத் தூக்கிய கை தூக்கியபடி நின்றாள். பிறகு படமும் போய்விட்டது.

போனுக்குச் சொந்தக்காரர் கோபப்படவில்லை. என் கையிலிருந்த சீல் வைத்த காகிதத்தைப் பார்த்தார்.

"அக்கா, எங்களுக்கும் இப்படி ஒரு பேப்பர் வேணும். நாங்க காசு குடுத்துத்தான் எடுத்தோம், திருடல, இத எழுதி நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும். லைன் உங்க பேருதானே. நாளைக்குப் போலீஸ் வந்தா மொதல்ல எங்களைத்தான் கூட்டிட்டுப் போவாங்க."

ஓனர் வெளியே போய் வண்டியைக் கிளப்பினார். லைன்மேன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் அதற்குள் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வெற்றுப் பக்கத்தை என் முன்னால் நீட்டிவிட்டார். பேனாவும் வைத்தார். அவர் கேட்டதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. நான் அந்த ஆபீஸில் அழுதுகொண்டு கேட்டதும் இதைத்தான். ஆனால் என் கையெழுத்து மறுபடி எனக்குத் தெரியாத ஆட்கள் கையில் இருக்கும், அது எங்கே போகும், மகளுக்கு ஏதாவது வந்துவிட்டால் என்றுதான் நினைப்பு ஓடியது.

"ஆபீஸ்ல கேளுங்க தம்பி" என்றேன்.

"அவங்க எங்களுக்குத் தரமாட்டாங்க அக்கா" என்றார்.

தரமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். பேனாவைத் தொடாமல் வந்து வண்டியில் ஏறிக்கொண்டேன்.